காணா உழைப்பும் தக்க ஊக்கமும்

நுழையும்முன்

நாள்தோறும் கண்ணெதிரே நிகழும் உழைப்புக்குக் கூலி வகுப்பது எளிது. உடையவர் பார்க்க இயலாத இடத்தில், பல மாதங்கள் கழித்தே பயன் தெரியும் உழைப்புக்குக் கூலி வகுப்பது எங்ஙனம்? இவ்வினாவைப் பொருளியலார் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான 'அறநெறி இடர்' என்று அழைப்பர். பழனிமலையின் காப்பித் தோட்டம் ஒன்றைக் கொண்டு அவ்விடரையும், அதனைக் குறைக்கும் ஊக்கத்தொகையை வகுக்கும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

பெரும்பாறையின் காப்பிச் செடிகள்

திண்டுக்கல் மாவட்டத்தின் சமவெளியிலிருந்து அய்யம்பாளையம், சித்தரேவு வழியாக மேலேறும் சாலை, கீழ்ப்பழனி மலையின் பெரும்பாறைக்கு நம்மை இட்டுச் செல்கிறது. அதற்கப்பால் தடியன்குடிசையும் தாண்டிக்குடியும் உள்ளன. தடியன்குடிசையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும், தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும் இயங்குகின்றன. இம்மலைச் சரிவுகளில் நிழல்மரங்களின் கீழ் அராபிகா இனக் காப்பி விளைகிறது. மரங்களின்மீது மிளகுக்கொடி படர்ந்திருக்கும். இடையிடையே மலைவாழையும் ஆரஞ்சும் காணப்படும்.

அராபிகாச் செடியின் கொடிய பகை, வெள்ளைத் தண்டுத்துளைப்பான் என்னும் வண்டு. தாய்வண்டு, செடியின் முதன்மைத் தண்டிலுள்ள பட்டை வெடிப்புகளில் முட்டையிடும். முட்டையிலிருந்து வெளிப்படும் புழு பட்டைக்குள் நுழைந்து, பின்னர்க் கட்டையைக் குடைந்து பல மாதங்கள் உள்ளேயே வாழும். வெளியே தெரிவன, தண்டைச் சுற்றி மேடிட்ட வரைகளும் மஞ்சளாகி வாடும் இலைகளுமே. இளஞ்செடியாயின் மடிந்துவிடும், முதிர்ந்த செடியாயின் விளைச்சல் குன்றிவிடும்.

இவ்வண்டு ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர் முதல் திசம்பர் வரையிலும் பறந்து முட்டையிடுகிறது. ஆகவே, அதற்கு முன்னரே மூன்று பணிகள் முடிந்திருத்தல் வேண்டும். முதலாவது, ஒவ்வொரு செடியையும் உற்றுநோக்கி, தாக்குண்ட செடிகளை வேரோடு பிடுங்கி எரித்தல். இரண்டாவது, எஞ்சிய செடிகளின் தளர்ந்த பட்டையைத் தேங்காய்நார்க் கையுறையால் தேய்த்து நீக்குதல். பட்டை வழவழப்பானால் முட்டையிட வெடிப்பு கிடைக்காது. மூன்றாவது, வெயில் நேரே தண்டில் படாதவாறு நிழலைப் பேணுதல். வெயில் படும் தண்டுகளையே அவ்வண்டு மிகுதியும் நாடும்.

இரண்டாவது பணியையே நாம் எடுத்துக்கொள்வோம். செங்குத்தான சரிவில், செடிக்குச் செடி குனிந்து, தண்டின் அடிமுதல் தடித்த கிளைகள்வரை தேய்க்க வேண்டும். இடுப்பு நோகும், கை காய்க்கும். ஒரு செடியை முழுதும் தேய்த்தாலும், முன்பக்கத்தை மட்டும் தேய்த்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தாலும், அன்றைய மாலையில் தோட்டம் ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாடு புலப்படுவது அடுத்த ஆண்டில்.

எங்கே தோன்றுகிறது இடர்?

சமவெளியில் வாழும் உடையவர் ஒருவர், பெரும்பாறையில் ஆயிரம் செடிகள் கொண்ட தோட்டத்தை ஒரு தொழிலாளரிடம் ஒப்படைத்திருப்பதாகக் கொள்வோம். தேய்க்கும் பணிக்கும் அதனோடு சேர்ந்த பராமரிப்புக்கும் ஒரு பருவத்துக்கு ஒரு தொகை பேசப்படுகிறது. உடையவர் மாதம் ஒருமுறையே மலைக்கு வருகிறார்.

இங்கு உடையவருக்குத் தெரியாதது ஒன்று. தொழிலாளருக்குத் தெரிந்ததும் அதுவே. அஃதாவது, எத்துணைக் கவனத்தோடு பணி செய்யப்பட்டது என்பது. கூலியோ இரு நிலைகளிலும் ஒன்றே. கவனத்தின் நோவு முழுவதும் தொழிலாளரைச் சேரும். கவனத்தின் பயன் முழுவதும் உடையவரைச் சேரும். இந்நிலையில் முழுக் கவனத்தை எதிர்பார்ப்பது, ஒருவர் தம் உடலுழைப்பை மற்றொருவருக்கு விலையின்றித் தருமாறு எதிர்பார்ப்பதாகும். இவ்வாறு ஒருவரது செயல் மற்றவர் கண்ணுக்கு மறைவாய் இருப்பதால் எழும் இடரே அறநெறி இடர்.

இப்பெயர் காப்பீட்டுத் தொழிலிலிருந்து வந்தது. தீக்காப்பீடு செய்தவர், தீயைத் தடுப்பதில் முன்போல் விழிப்பாய் இரார் என்ற அச்சத்தைக் குறிக்கக் காப்பீட்டாளர் இதனைப் பயன்படுத்தினர். பெயரைக் கொண்டு, இது தொழிலாளரின் ஒழுக்கக்குறையைச் சுட்டுவதாகக் கருதலாகாது. நேர்மையாளர் ஒருவருக்கும் கூலிவேலை முடிந்தபின் தம் சிறுநிலத்தில் செய்யவேண்டிய வேலை இருக்கும். உடலுக்கு ஓர் எல்லையும் இருக்கும். எந்த வேலைக்கு எவ்வளவு கவனம் என்பதை அவர் தேர்ந்தே ஆகவேண்டும். குறை மனிதரிடத்தில் இல்லை. உழைப்பையும் கூலியையும் இணைக்காத ஒப்பந்தத்தில் உள்ளது. ஆதலின், திருத்தமும் ஒப்பந்தத்திலேயே தொடங்க வேண்டும்.

ஊக்கத்தொகை எவ்வளவு?

இனி ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்டவை. முறையே நாம் கற்கவேண்டியது.

தொழிலாளர் கவனமாகத் தேய்த்தால், தோட்டம் அடுத்த ஆண்டில் நலமாய் இருக்கும் வாய்ப்பு பத்தில் எட்டு. கவனமின்றித் தேய்த்தால் பத்தில் நான்கு. தோட்டம் நலமாயின் உடையவருக்கு 60,000 ரூபாய் வரும். துளைப்பான் பரவினால் 30,000 ரூபாயே வரும். கவனமாகச் செய்வதால் தொழிலாளருக்கு உண்டாகும் கூடுதல் நோவும் அவர் இழக்கும் பிற வேலையும் 2,000 ரூபாய்க்கு ஈடு. இப்பருவத்தில் வேறிடத்தில் அதே நாள்கள் வேலை செய்தால் அவருக்கு 10,000 ரூபாய் கிடைக்கும்.

முதலில், கவனம் இருவரையும் சேர்த்துப் பார்க்கையில் பயனுடையதா என்று காண்போம். கவனம் இருந்தால் சராசரி வரவு 54,000 ரூபாய். இல்லையேல் 42,000 ரூபாய். வேறுபாடு 12,000 ரூபாய். அதற்கான நோவோ 2,000 ரூபாய்தான். எனவே கவனமாகச் செய்தலே நன்று. ஆயினும் 10,000 ரூபாய் நிலையான கூலி மட்டும் பேசப்பட்டால், அக்கவனம் நிகழாது. இருவரும் பகிர்ந்துகொள்ளக்கூடிய 10,000 ரூபாய் நிகரப் பயன் மலைச்சரிவிலேயே வீணாகிறது.

இப்போது உடையவர், "தோட்டம் நலமாயிருந்தால் ஊக்கத்தொகை தருவேன்" என்கிறார். அத்தொகை எவ்வளவு இருத்தல் வேண்டும்? தொழிலாளரின் நிலையில் நின்று எண்ணுக. கவனமாக உழைத்தால் ஊக்கத்தொகை பெறும் வாய்ப்பு 0.8. கவனமின்றி இருந்தாலும் நற்பேற்றால் அதனைப் பெறும் வாய்ப்பு 0.4. ஆகவே, கவனம் அவருக்கு ஈட்டித் தருவது ஊக்கத்தொகை முழுவதும் அன்று. இவ்விரு வாய்ப்புகளின் வேறுபாடாகிய 0.4 பங்கு மட்டுமே. அப்பங்கு 2,000 ரூபாய்க்குக் குறையாதிருத்தல் வேண்டும்.

ஊக்கத்தொகை × (0.8 − 0.4) ≥ 2,000

ஆகவே, ஊக்கத்தொகை 5,000 ரூபாய்க்குக் குறையலாகாது. இதனை ஊக்க நிபந்தனை என்பர்.

பலரும் இடறும் இடம் இதுவே. "நோவு 2,000 ரூபாய்தானே? 2,500 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தால் போதாதா?" என்று உடையவர் எண்ணலாம். 2,500 ரூபாயில் 0.4 பங்கு 1,000 ரூபாயே. 2,000 ரூபாய் நோவை 1,000 ரூபாய்க்கு எவரும் ஏற்பதில்லை. அந்நிலையில் உடையவர் ஊக்கத்தொகைக்கும் செலவிடுவார், கவனத்தையும் பெறார். சிறிய ஊக்கத்தொகை சிறிய கவனத்தைத் தருவதில்லை. பல வேளைகளில் ஒன்றையும் தருவதில்லை.

இரண்டாவது, தொழிலாளர் இவ்வேலையை ஏற்கவும் வேண்டும். நிலையான கூலியோடு சராசரி ஊக்கத்தொகையைக் கூட்டி, நோவைக் கழித்தால், வேறிடத்தில் கிடைக்கும் 10,000 ரூபாய்க்குக் குறையாதிருத்தல் வேண்டும். 5,000 ரூபாய் ஊக்கத்தொகையின் சராசரி 4,000 ரூபாய். ஆகவே நிலையான கூலி 8,000 ரூபாய் இருந்தால் ஏற்பார். இது பங்கேற்பு நிபந்தனை. உடையவரின் சராசரிச் செலவு 12,000 ரூபாய். அவருக்கு எஞ்சுவது 42,000 ரூபாய். ஊக்கத்தொகை இல்லாத ஒப்பந்தத்தில் எஞ்சியது 32,000 ரூபாயே.

மூன்றாவதாக, நிலையான கூலியை விரும்பியவாறு குறைத்துவிட இயலாது. குறைந்தபட்சக் கூலி என்னும் சட்டவரம்பு உண்டு; அன்றாடச் செலவுக்கு நிலையான கூலியையே நம்பியிருக்கும் குடும்பமும் உண்டு. இவ்வேலைக்கு 10,000 ரூபாய்க்குக் குறைவாகத் தரலாகாது எனக் கொள்வோம். அப்போது 5,000 ரூபாய் ஊக்கத்தொகை அதற்கு மேலேயே வரவேண்டும். உடையவரின் சராசரிச் செலவு 14,000 ரூபாய் ஆகும். எஞ்சுவது 40,000 ரூபாய். முன்னதைவிடக் குறைவெனினும், 32,000 ரூபாயினும் மிகுதியே. தொழிலாளருக்கோ நோவு போக 12,000 ரூபாய் கிடைக்கும். உழைப்பை நேரில் காண இயலாமையால் உடையவர் தொழிலாளருக்கு விட்டுக்கொடுக்கும் பங்கு இந்த 2,000 ரூபாய்.

ஊழின் பங்கு

மேற்கண்ட ஒப்பந்தத்தில் ஓர் அநீதி ஒளிந்திருக்கிறது. கவனமாக உழைத்த தொழிலாளரும் பத்தில் இரண்டு முறை ஊக்கத்தொகையை இழப்பார். பக்கத்துத் தோட்டத்தில் தாக்குண்ட செடிகளைப் பிடுங்காமல் விட்டிருந்தால் அங்கிருந்து வண்டு பறந்து வரும். காற்றில் ஒரு நிழல்மரம் சாய்ந்தால் செடிகள் வெயிலுக்கு ஆட்படும். இவற்றுக்கு அவர் பொறுப்பல்லர். அதுபோலவே, கவனமின்றி இருந்தவரும் பத்தில் நான்கு முறை 5,000 ரூபாயைப் பெற்றுவிடுவார்.

சிறு வருவாயில் வாழ்பவருக்கு ஊழால் வரும் ஏற்றத்தாழ்வு பெருஞ்சுமை. சராசரி சமமாயிருப்பினும், உறுதியான தொகையையே அவர் விரும்புவார். உறுதியற்ற தொகையை ஏற்கவேண்டின் அதற்கும் ஓர் ஈட்டுத்தொகை கேட்பார். தோட்ட உடையவரோ வேறு வருவாயும் உடையவராயின் அவ்வேற்றத்தாழ்வை எளிதில் தாங்குவார். ஆகவே இருவேறு நோக்கங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. தொழிலாளரை ஊழிலிருந்து காக்க, நிலையான கூலி வேண்டும். அவரது கவனத்தைப் பெற, பயனோடு மாறும் கூலி வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். ஊக்கத்தொகையை வகுத்தல் என்பது இவ்விரண்டுக்கும் இடையே ஒரு நிலையைத் தேர்தலே.

ஊழின் பங்கு மிகமிக, நிலைமை கடினமாகும். கவனமாக இருந்தால் பத்தில் எட்டு, இல்லையேல் பத்தில் ஏழு என்று வாய்ப்புகள் நெருங்கியிருப்பதாகக் கொள்க. வேறுபாடு 0.1 மட்டுமே. அப்போது ஊக்க நிபந்தனை 20,000 ரூபாய் கேட்கும். அதன் சராசரிச் செலவு 16,000 ரூபாய். கவனத்தால் உடையவருக்குக் கூடும் வரவோ 3,000 ரூபாய்தான். இத்தகைய இடத்தில் விளைவை வைத்து ஊக்கத்தொகை தருதல் பொருந்தாது. தொகையை உயர்த்துவதை விடுத்து, அளவுகோலை மாற்றவேண்டும்.

அளவுகோலைத் திருத்துதல்

பின்லாந்தில் பிறந்த பொருளியலார் பெங்க்ட் ஓம்ஸ்ட்ரோம், 1979ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுரையில் ஒரு தெளிவான நெறியை நிறுவினார். உழைப்பைப் பற்றிப் புதிய செய்தி எதையேனும் தரும் அளவு எதுவாயினும், அதனை ஊதியக் கணக்கில் சேர்க்க வேண்டும். உழைப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாத அளவை நீக்க வேண்டும் என்பதே அது. ஒப்பந்தக் கோட்பாட்டுக்கான பங்களிப்புக்காக அவரும் ஆலிவர் ஹார்ட்டும் 2016ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசைப் பெற்றனர்.

இந்நெறியைப் பெரும்பாறைத் தோட்டத்தில் பொருத்திப் பார்ப்போம். 'காப்பியை விற்ற பணத்தில் ஒரு பங்கு' என்று ஊக்கத்தொகை பேசினால் என்னாகும்? அராபிகாக் காப்பியின் விலை நியூயார்க்குச் சந்தையின் போக்கைத் தழுவி ஏறி இறங்குகிறது. பிரேசிலில் உறைபனி பொழிந்தால் இங்கு விலை உயரும். அவ்வுயர்வு தொழிலாளர் தண்டைத் தேய்த்தாரா என்பதைப் பற்றி யாதும் சொல்லாது. அவர் தோளில் உலகச் சந்தையின் ஊழை ஏற்றுவதே அதனால் விளையும். எனவே விலையைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும்.

சேர்க்கவேண்டியவை எவை? முதலாவது, அண்டைத் தோட்டங்களின் நிலை. ஓராண்டு வண்டு மிகுந்திருந்தால் சுற்றிலும் எல்லாத் தோட்டங்களும் தாக்குறும். "நூறு செடிக்கு இத்தனை" என்று நிலையான எல்லை வகுப்பதினும், "சுற்றியுள்ள தோட்டங்களின் சராசரியைவிடக் குறைவாகத் தாக்குண்டிருந்தால்" என்று வகுப்பது நன்று. அனைவருக்கும் பொதுவான ஊழ் அப்போது கழிந்துவிடும்.

இரண்டாவது, தேய்த்த தண்டையே சோதித்தல். தேய்த்துமுடித்த சில நாள்களில், ஆயிரம் செடிகளில் 20 செடிகளைச் சீட்டெடுத்துத் தேர்ந்து, தண்டின் நாற்புறமும் பார்க்கலாம். சீட்டெடுப்பு இன்றியமையாதது; பாதையோரச் செடிகளை மட்டும் சோதிப்பதாகத் தெரிந்தால், பாதையோரச் செடிகள் மட்டுமே பளபளக்கும். சோதிப்பவரின் கண்ணும் பிழைக்கலாம். அரைகுறையாகத் தேய்த்தவையும் தேறிவிடலாம். ஆகவே கவனமாக உழைத்தவர் தேறும் வாய்ப்பு 0.95, கவனமின்றி உழைத்தவர் தேறும் வாய்ப்பு 0.15 எனக் கொள்வோம். வேறுபாடு 0.8. இப்போது ஊக்க நிபந்தனை கேட்பது 2,500 ரூபாயே.

முன்னர்ப் போதாது என்று கண்ட அதே 2,500 ரூபாய், அளவுகோல் கூர்மையானதும் போதுமானதாகிவிட்டது. அதன் சராசரிச் செலவு 2,375 ரூபாய்; விளைவை நம்பிய முறையில் அது 4,000 ரூபாய். சோதனைக்கு ஆகும் செலவு 1,625 ரூபாய்க்குக் குறைவாயின் உடையவர் சோதிப்பதே சிறப்பு. தொழிலாளருக்கும் இதில் நன்மை உண்டு. உழைத்தும் ஊக்கத்தொகையை இழக்கும் நிலை பத்தில் இரண்டிலிருந்து இருபதில் ஒன்றாகக் குறைகிறது.

அளந்தது வளரும், அளக்காதது தேயும்

எளிதில் அளக்கக்கூடிய ஒன்றுக்கு மட்டும் ஊக்கத்தொகை தந்தால் வேறொரு கேடு விளையும். ஓம்ஸ்ட்ரோமும் பால் மில்கிரோமும் 1991ஆம் ஆண்டு இதனை ஆராய்ந்தனர். ஒரு தொழிலாளர் பல பணிகளைச் செய்கையில், ஒன்றுக்கு மட்டும் பரிசு வைத்தால், அவர் கவனம் மற்றவற்றிலிருந்து அதற்குப் பெயரும்.

காப்பிப் பழம் பறித்தலில் இதனை நேரில் காணலாம். பறித்த பழத்தின் எடைக்கு ஏற்பக் கூலி தருவது தோட்டங்களில் பரவலான முறை. கிலோவுக்கு இவ்வளவு என்றதும் விரைவு கூடும். அறநெறி இடர் தீர்ந்ததாகவே தோன்றும். ஆனால், ஒரே கிளையில் பழுத்தவையும் காய்களும் கலந்தே இருக்கும். பழுத்தவற்றை மட்டும் ஒவ்வொன்றாகப் பறித்து, எஞ்சியவற்றுக்குச் சில நாள் கழித்து மீண்டும் வரவேண்டும். எடை மட்டுமே கூலியானால், கிளையை ஒரே இழுப்பில் உருவி எடுப்பது ஆதாயம். பழுக்காத காய் சுவையைக் கெடுக்கும். உருவும்போது இலையும் கணுவும் முறிந்தால், அடுத்த ஆண்டின் பூவுக்கும் இழப்பு. தராசு இவற்றைக் காட்டாது.

எனவே, எடைக்கூலியோடு பழத்தின் தரத்தையும் இணைக்க வேண்டும். எடைபோடும் இடத்தில் ஒவ்வொருவர் கூடையிலிருந்தும் ஒரு கை அள்ளி, நூறு பழங்களை எண்ணி, அவற்றுள் காய் எத்தனை என்று பார்த்து, ஓர் எல்லைக்குள் இருந்தால் கிலோவுக்குக் கூடுதல் தொகை தரலாம். எண்ணுவதற்கு ஆளும் நேரமும் இல்லையேல், எடைக்கூலியைத் தணித்து நாட்கூலியின் பங்கை உயர்த்துவதே தக்கது. அளக்க இயலாத ஒரு பணி இன்றியமையாததாயின், அளக்கக்கூடிய பணிக்குத் தரும் ஊக்கமும் மென்மையாகவே இருத்தல் வேண்டும் என்பதே அவ்வாய்வின் முடிவு.

தண்டுத்துளைப்பானிலும் இத்தகைய பொறி உண்டு. "தாக்குண்ட செடியைக் கண்டுபிடித்தால் செடிக்கு இவ்வளவு" என்று பரிசு வைத்தால், நலமான செடியும் பிடுங்கப்படலாம். பிடுங்கிய தண்டைப் பிளந்து, உள்ளே புழுக் குடைந்த வழி இருக்கிறதா என்று பார்த்தபின்னரே தொகை வழங்க வேண்டும். அதன் பின்னும் ஒரு குறை எஞ்சும். செடிகள் மிகுதியாகத் தாக்குண்ட ஆண்டிலேயே வருவாய் கூடுமாதலால், தேய்ப்பதற்கான ஊக்கம் தளரும்.

உதயப்பூர்ப் பள்ளிகள் காட்டியது

இக்கணக்குகள் வாழ்வில் மெய்ப்படுமா? இராசத்தானின் உதயப்பூர்ப் பகுதியில் சேவா மந்திர் என்னும் தொண்டு நிறுவனம், சிற்றூர்களில் ஓராசிரியர் பள்ளிகளை நடத்தியது. தொலைவிலுள்ள அப்பள்ளிகளுக்கு ஆசிரியர் நாள்தோறும் வருகிறாரா என்பதை நிறுவனத்தால் காண இயலவில்லை. 2003ஆம் ஆண்டு எஸ்தர் டஃப்லோ, ரேமா ஹன்னா, ஸ்டீபன் ரயான் ஆகிய பொருளியலார் அந்நிறுவனத்தோடு இணைந்து ஓர் ஆய்வைத் தொடங்கினர்.

சீட்டுமுறையில் தேர்ந்த பள்ளிகளின் ஆசிரியருக்கு, நாளும் நேரமும் பதியும் ஒளிப்படக்கருவி தரப்பட்டது. காலையிலும் பள்ளி முடிவிலும் மாணவரோடு சேர்ந்து படம் எடுக்கவேண்டும். மாதத்தில் 10 நாள்வரை வந்தவருக்கு 500 ரூபாய். அதற்குமேல் வந்த ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய். ஏனைய பள்ளிகளில் மாதம் 1,000 ரூபாய் நிலையான ஊதியம் தொடர்ந்தது. நிலையான ஊதியம் பெற்ற பள்ளிகளில் ஆசிரியர் வாராமை 42 விழுக்காடாக இருக்க, ஊக்க ஊதியம் பெற்ற பள்ளிகளில் அது 21 விழுக்காடாகக் குறைந்தது.

வருகையைக் கூட்டியது பணமா, படம் எடுத்துக் கண்காணித்ததா? விடை மாத இறுதியில் கிடைத்தது. அம்மாதத்தில் இனி 10 நாளைத் தாண்டவே இயலாத ஆசிரியருக்கு, கடைசி நாள்களில் வருவதால் கூடுதல் பணம் இல்லை. அவர்கள் வருகை குறைந்தே இருந்தது. அடுத்த மாதம் பிறந்து ஒவ்வொரு நாளும் மீண்டும் மதிப்புப் பெற்றதும் அவர்கள் வருகை உயர்ந்தது. ஒளிப்படக்கருவியோ இரு மாதங்களிலும் ஒன்றே. ஆகவே, கருவி அளவுகோலை மட்டுமே தந்தது. வருகையை உயர்த்தியது அவ்வளவுகோலோடு கட்டிய ஊக்கமே.

வந்தவர்கள் வெறுமனே அமர்ந்திருந்தனரோ என்னும் ஐயமும் ஆராயப்பட்டது. வகுப்பில் இருக்கும்போது அவர்கள் கற்பித்த அளவு குறையவில்லை. மாணவரின் தேர்வு மதிப்பெண்களும் உயர்ந்தன. அங்கு அளந்தது வருகையை. தேயக்கூடும் என அஞ்சியது கற்பித்தலை. அவ்வச்சம் அவ்விடத்தில் மெய்யாகவில்லை. வேறிடத்திலும் மெய்யாகாது என்பதற்கு அது சான்றன்று. ஒவ்வோர் இடத்திலும் சோதித்தே அறியவேண்டும்.

மறுபக்கத்தின் இடர்

இதுகாறும் தொழிலாளரின் செயல் உடையவருக்கு மறைவாய் இருத்தலையே பேசினோம். உடையவரின் செயலும் தொழிலாளருக்கு மறைவாய் இருக்கலாம். ஊக்கத்தொகை தரும் நாள் வந்ததும், "செடிகள் மிகுதியும் தாக்குண்டன" என்று உடையவர் தாமே எண்ணிச் சொன்னால், தொழிலாளரால் மறுக்க இயலுமா? முதலாண்டு நன்கு தேய்த்தவரிடம், மறு ஆண்டு எல்லையை உயர்த்தி, அதே தொகைக்கு மேலும் உழைப்பைக் கேட்டால், அவர் முதலாண்டிலேயே கையை அளந்து வைப்பதைத் தவிர வேறென் செய்வார்?

ஆகவே, எண்ணுவது எப்போது, எண்ணுபவர் யார், எல்லை எது, அது எத்தனை ஆண்டுக்கு மாறாது என்பன பணி தொடங்குமுன்னரே எழுதப்பட்டு இருவரிடமும் இருத்தல் வேண்டும். சீட்டெடுத்த 20 செடிகளையும் இருவரும் உடனின்று பார்த்தல் வேண்டும். தேய்த்ததற்கான தொகையை அடுத்த ஆண்டுவரை நிறுத்தி வைக்காமல், சோதனை முடிந்த அன்றே தருதல் வேண்டும். 5,000 ரூபாய் என்று சொல்லப்பட்ட தொகை பாதி ஆண்டுகளில் கைக்கு வராது என்று தொழிலாளர் எண்ணுவாராயின், அவர் கணக்கில் அது 2,500 ரூபாயே. அது போதாது என்பதை முன்னரே கண்டோம்.

தெரியுமா?

தீபாவளிக்கு முன் பலரும் பெறும் போனஸ், இப்பாடத்தில் கூறிய ஊக்கத்தொகையிலிருந்து வேறுபட்டது. 1965ஆம் ஆண்டின் போனஸ் வழங்கல் சட்டம், தகுதியுடைய தொழிலாளருக்கு ஆண்டு ஊதியத்தில் குறைந்தது 8.33 விழுக்காடும், மிகுந்தது 20 விழுக்காடும் என வரையறுத்தது. 8.33 விழுக்காடு என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு. அஃதாவது ஒரு மாத ஊதியம். நிறுவனத்தில் அனைவர்க்கும் ஒரே விழுக்காட்டில் கிடைக்கும் இத்தொகை, உழைப்பால் விளைந்த பயனில் தொழிலாளருக்குள்ள உரிமைப் பங்கு. ஒருவர் தனியே கூட்டிய கவனத்தை அது அளப்பதில்லை.

கலைச்சொற்கள்

அறநெறி இடர் – ஒருவர் செயல் மற்றவர் கண்ணுக்கு மறைவாய் இருப்பதால் எழும் இடர்

ஊக்க நிபந்தனை – கவனமாக உழைப்பது தொழிலாளருக்கே ஆதாயமாய் இருத்தல் வேண்டும் என்னும் வரம்பு

பங்கேற்பு நிபந்தனை – வேலையை ஏற்பது வேறு வாய்ப்பினும் குறையாதிருத்தல் வேண்டும் என்னும் வரம்பு

மதிப்பீடு

1. 2,500 ரூபாய் ஊக்கத்தொகை ஓரிடத்தில் போதாமலும் மற்றோரிடத்தில் போதுமானதாகவும் அமைந்தது ஏன்? விளக்குக.

2. கவனமாக உழைத்தால் 0.9, இல்லையேல் 0.4 என்பன ஊக்கத்தொகை பெறும் வாய்ப்புகள். நோவு 1,500 ரூபாய். குறைந்தபட்ச ஊக்கத்தொகையைக் கணக்கிடுக.

3. காப்பியின் விற்பனை விலையை ஊக்கத்தொகைக் கணக்கில் சேர்க்கலாகாது என்பதற்குக் காரணம் கூறுக.

4. உங்கள் ஊரில் எடைக்கோ எண்ணிக்கைக்கோ கூலி தரும் தொழில் ஒன்றைத் தேர்க. அங்கு அளக்கப்படாமல் தேய்வது எது, அதனை எவ்வாறு அளக்கலாம் என எழுதுக.